இரண்டு கோடு விழுந்தால் தொற்று உறுதியா?

2021இல் கோவிட்-19 சுயப் பரிசோதனைக் கருவிகள் மலேசிய மருந்தகங்களில் விற்பனைக்கு வந்தன. கருவியில் இரண்டு கோடு விழுந்தால் தொற்று என்று பொருள். அதை எவ்வளவு நம்பலாம்? கணக்கிட்டுப் பாருங்கள்.

மெர்லிமாவ் வட்டாரத்தில் அறிகுறி இல்லாத 5,000 பேரைப் பரிசோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 2 விழுக்காட்டினருக்கு, அதாவது 100 பேருக்குத் தொற்று உண்டு. கருவி, தொற்றுள்ளோரில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும். தொற்றில்லாதோரில் 2 விழுக்காட்டினருக்குத் தவறாக இரண்டு கோடு காட்டும்.

முதலில் மொத்த நிகழ்தகவு. இரண்டு கோடு இரு வழிகளில் விழலாம். தொற்றுள்ள 100 பேரில் 90 பேருக்கும், தொற்றில்லாத 4,900 பேரில் 98 பேருக்கும் விழும். மொத்தம் 188 பேர், நிகழ்தகவு 188/5,000.

இனிக் கேள்வியைத் திருப்புங்கள். இரண்டு கோடு விழுந்தவருக்கு உண்மையில் தொற்று இருக்கும் நிகழ்தகவு என்ன? 90/188, ஏறத்தாழ 48 விழுக்காடுதான். தொற்றில்லாதோர் மிகப் பலர் என்பதால், சிறு பிழையும் 98 பேரைச் சேர்த்துவிடுகிறது. இதுவே பேய்ஸ் தேற்றம்.

அந்த 188 பேருக்கும் அதே துல்லியமுள்ள வேறொரு சோதனை செய்தால், 90 பேரில் 81 பேரும், 98 பேரில் சுமார் 2 பேரும் மீண்டும் சிக்குவர். இப்போது 81/83, ஏறத்தாழ 98 விழுக்காடு. ஆனால் இரு சோதனைகளின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். முதல் கருவியை ஏமாற்றிய காரணமே இரண்டாவதையும் ஏமாற்றினால் இக்கணக்கு பொருந்தாது.

இந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு: முதல் சோதனையில் 10 பேர், இரண்டாவதில் 9 பேர் என, தொற்றுள்ள 19 பேர் தப்பிவிடுகிறார்கள்.