ஒருமுனைச் சோதனையில் மார்க் போச்சா? சாருக்கு எழுதும் முன் இதைப் படி

மார்க் ஏன் குறைந்தது என்று சாருக்கு மெயில் எழுதப் போகிறாயா? தாராளமாக எழுது. ஆனால் கோபத்தில் தட்டி அனுப்பிவிடாதே, கண்ணு.

கேள்வி இது என்று வைத்துக்கொள்: பல்பின் சராசரி ஆயுள் குறைந்தது 500 மணி என்கிறது கம்பெனி. அதைவிடக் குறைவு என்று வாங்குவோர் சந்தேகிக்கிறார்கள். 36 பல்புகளின் சராசரி 491, திட்ட விலக்கம் 30. 5% மிகைகாண் நிலையில் சோதிக்க வேண்டும். நீ ஒருமுனைச் சோதனை செய்திருக்கிறாய்.

1. நீ எழுதிய காரணத்தை முதலில் படி. "491 என்பது 500-ஐ விடக் குறைவு, அதனால் இடது முனை" என்று எழுதியிருந்தால் சார் வெட்டியது நியாயம்தான், மெயிலை விட்டுவிடு. தரவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 509 வந்திருந்தால் வலது முனை என்று எழுதியிருப்பாய் இல்லையா? அப்படிச் செய்தால் 5% என்று நீ சொல்லும் பிழை வாய்ப்பு உண்மையில் 10% ஆகிவிடும். "குறைவு என்று சந்தேகிக்கிறார்கள்" என்ற வரியைக் காட்டி H₁: μ < 500 என்று எழுதியிருந்தால்தான் உன் பக்கம் நியாயம்.

2. கணக்கைச் சரிபார். 30-ஐ 6-ஆல் வகுத்தால் 5; z = −9/5 = −1.8. ஒருமுனைக்கு எல்லை −1.645, அதனால் இன்மை எடுகோளை மறுக்கிறோம். இருமுனைக்கு ±1.96, அதனால் மறுக்க முடியாது. முடிவே தலைகீழாகிறது, பார். அதனால் "எந்தச் சோதனை செய்தாலும் ஒன்றுதானே சார்" என்று மட்டும் எழுதிவிடாதே. ஒருமுனை என்று சொல்லிவிட்டு 1.96-ஐப் போட்டிருந்தால், அது உன் தப்பு.

3. விடைத்தாளைப் படமெடுத்து சாருக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்து பார். கையிலிருக்கும் தாளை அல்ல, சார் பார்த்த படத்தை. நிழல் விழுந்தாலோ ஓரம் வெட்டுப்பட்டாலோ < குறி காணாமல் போகும், காரணம் எழுதிய வரியும் போய்விடும். அதே பக்கத்தை வெளிச்சத்தில் மறுபடி எடுத்து இணைத்து அனுப்பு. தாளில் பேனா படவே கூடாது. மங்கிய குறியைக்கூட அழுத்தி எழுதாதே. பழைய படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

4. மெயில் நாலு வரி போதும்.
"வணக்கம் சார். 3-ஆம் கேள்வியில் ஒருமுனைச் சோதனைக்கு மார்க் குறைந்திருக்கிறது. 'குறைவு என்று சந்தேகிக்கிறார்கள்' என்ற வரியை வைத்து H₁: μ < 500 எடுத்தேன். என் படத்தில் அந்த வரி மங்கலாக இருந்தது; அதே பக்கத்தின் தெளிவான படம் இணைத்துள்ளேன். இருமுனைச் சோதனைதான் சரியென்றால் காரணம் சொல்லுங்கள் சார்."
பக்கத்து சீட்டுக்காரனுக்கு எத்தனை மார்க் என்ற பேச்சே வேண்டாம். அவன் என்ன காரணம் எழுதினான் என்று உனக்குத் தெரியாது.

5. கேள்வித்தாளை இன்னொரு தரம் பார். "சராசரி 500 மணி என்ற கூற்றைச் சோதி" என்று மட்டும் இருந்து, சந்தேகம் எந்தப் பக்கம் என்றே சொல்லவில்லையானால், இருமுனைச் சோதனைதான். அப்போது மெயில் வேண்டாம், அடுத்த பாடத்தை எடு.