வெள்ளி என்று நினைத்து வியாழனை அணைக்காதீர்கள்

கத்தாரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே புதுப் போன் வாங்கியிருக்கிறீர்கள். டூட்டி சனி முதல் வியாழன் வரை, வெள்ளி ஓய்வு. கம்பெனி பஸ் காலை 5 மணிக்குக் கிளம்பிவிடும் என்பதால் 4:15க்கு அலாரம் வைத்து, வெள்ளியை மட்டும் நீக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் வளைகுடா நாடுகளுக்கான அமைப்போடு வரும் போனில் இந்த ஒரு அலாரம் மூன்று இடங்களில் காலை வாரக்கூடும்.

முதலில் கிழமை. நம் ஊர் மாதக் காலண்டர் ஞாயிற்றில் தொடங்குகிறது. இந்தியாவுக்கென அமைத்த போனும் அப்படியே. கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் என்று வட்டாரம் வைத்த போன்களில் வாரம் பொதுவாகச் சனியில் தொடங்கும். கத்தாரில் அலுவலகங்கள் வாரத்தைத் தொடங்குவது ஞாயிற்றில்தான். போன் அதைப் பார்ப்பதில்லை. வட்டாரத்தின் பெயரைப் பார்த்து, தனக்குள் இருக்கும் பட்டியலிலிருந்து முதல் கிழமையை எடுத்துக்கொள்கிறது.

இது அலாரத்தில் எப்படி வினையாகிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள கூகுள் கடிகாரத்தில் அலாரத்தின் கீழே ஏழு வட்டங்கள் வரும். ஆங்கிலத்தில் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எழுத்து. ஊர்ப் போனில் அந்த வரிசை S M T W T F S. கத்தார் அமைப்பில் S S M T W T F. இரண்டு S, இரண்டு T. எது சனி, எது ஞாயிறு என்று எழுத்து சொல்லாது, இடம்தான் சொல்லும். ஊரில் ஆறாவது வட்டம் வெள்ளி. பழகிய கை ஆறாவதைத் தொட்டு அணைத்தால், இங்கே அணைவது வியாழன். வியாழக்கிழமை அலாரம் அடிக்காது, பஸ் போய்விடும். மறுநாள் வெள்ளி, ஓய்வு நாளில், 4:15க்குக் கூவி அறையில் இருக்கும் அத்தனை பேரையும் எழுப்பும்.

தப்பிக்க வழி எளிது. வட்டங்களை நம்பாதீர்கள், நாட்களைத் தேர்ந்த பிறகு அலாரத்தில் எழுத்தில் காட்டும் Sat, Sun, Mon என்ற குறிப்பைப் படியுங்கள். அதில் Fri இல்லாமல் Thu இருந்தால் சரி. ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் Repeat என்ற இடத்தில் கிழமையின் முழுப் பெயர் இருக்கும். போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் குழப்பம் தீரும்: ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் வேறு வேறாக நிற்கும்.

வரிசையையே ஊர் முறைக்கு மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. ஐபோனில் Settings, General, Language & Region என்று போனால் First Day of Week இருக்கும். ஆண்ட்ராய்டில் கடிகாரச் செயலிக்குள் மூன்று புள்ளியைத் தொட்டு Settings திறந்தால் Start week on வரும். ஆண்ட்ராய்டு 14 முதல் பல போன்களில் மொழி அமைப்புக்குள் Regional preferences என்று தனியாகவே ஒரு பகுதி உண்டு. கூகுள் காலண்டரில் Start of the week தனியாக இருக்கிறது. அதையும் மாற்றாவிட்டால் கடிகாரம் ஞாயிற்றிலும் காலண்டர் சனியிலும் தொடங்கும். இதற்காக Region-ஐயே இந்தியா என்று மாற்றுபவர்களும் உண்டு. மாற்றலாம், தேதி, எண் எழுதும் முறையும் சேர்ந்து மாறும், அவ்வளவுதான். செயலிகளை இறக்கும் கணக்கின் நாடு வேறு விஷயம். அது இதனால் மாறாது.

இரண்டாவது, மணி. ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் யோசிக்காமல் 24 மணி முறைக்கு மாறிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஐபோனில் General, Date & Time, 24-Hour Time. ஆண்ட்ராய்டில் Date & time பக்கத்தில் Use 24-hour format; அது மங்கலாக இருந்தால் மேலே Use locale default என்பதை முதலில் அணைக்க வேண்டும். 12:30 AM நள்ளிரவா நண்பகலா என்ற சந்தேகம் 00:30 என்று கண்டதும் போய்விடும். போன் அரபியில் இருந்தால் AM இருக்கும் இடத்தில் ص, PM இருக்கும் இடத்தில் م வரும். எண்களும் அரபு வடிவில் வரலாம்: ٥ பார்க்கப் பூஜ்யம் போலிருக்கும், ஆனால் அது ஐந்து, பூஜ்யம் வெறும் புள்ளி. இந்தக் கோலத்தில் அலாரம் வைக்க முயலாதீர்கள், முதலில் மொழியை மாற்றுங்கள்.

நள்ளிரவு ஷிப்டில் இன்னொரு கண்ணி. ரோஸ்டரில் ஞாயிறு 00:00 என்று போட்டிருந்தால், நீங்கள் எழுந்து கிளம்ப வேண்டியது சனிக்கிழமை இரவு 23:15க்கு. அலாரத்தில் குறிக்க வேண்டியது அது அடிக்கும் நாளை, டூட்டி தொடங்கும் நாளை அல்ல. ரோஸ்டரைப் பார்த்து ஞாயிறு என்று தட்டினால் ஒரு நாள் பிந்தி அடிக்கும்.

சரியாக வைத்தோமா என்று அறிய ஆண்ட்ராய்டு ஒரு வசதி தருகிறது. அலாரத்தைச் சேமித்ததும் இன்னும் எவ்வளவு நேரத்தில் அடிக்கும் என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து மறையும். இரவு 9 மணிக்கு, மறுநாள் காலை 4:15க்கு வைத்தால் 7 மணி 15 நிமிடம் என்று காட்ட வேண்டும். 19 மணி 15 நிமிடம் என்றால் மாலை 4:15க்கு வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளுக்கு மேல் காட்டினால் நாளைய கிழமை விடுபட்டிருக்கிறது.

மூன்றாவது, நேர மண்டலம். ஊரிலிருந்து கொண்டுபோன போனில் சிலர் மண்டலத்தை இந்தியா என்றே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். பார்வைக்கு மணி சரியாக இருக்கும், அலாரமும் அடிக்கும். ஆனால் மெயிலில் வரும் கூட்ட அழைப்புகள் இரண்டரை மணி நேரம் தப்பாக உட்காரும்: கத்தார் நேரம் மாலை 4:30க்கு உள்ள கூட்டம் 7 மணி என்று தெரியும். வாட்ஸ்அப் செய்திகளின் நேரமும் உளறும். நேரம், மண்டலம் இரண்டையும் தானாக அமையும்படி விடுவதே சரி.

காலண்டரும் அலாரமும் இங்கேதான் பிரிகின்றன. காலண்டரில் குறித்த கூட்டம் உலக நேரத்தோடு கட்டப்பட்டது. நாடு மாறினால் காட்டும் மணியும் மாறும். அலாரம் போன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கும். எனவே விடுப்பில் கிளம்பும்போது டூட்டி அலாரத்தை அணைத்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஊரிலும் அது 4:15க்கே அடிக்கும், கத்தார்க் கணக்கில் இரவு 1:45க்கு.