பஸ் ரூட் குரூப்புகளை ஒன்றாகக் கட்டலாமா?

குருபரப்பள்ளி சிப்காட்டில் ஒரு நிறுவனத்துக்குப் பஸ் ஏற்பாடு பார்க்கும் சூப்பர்வைசர் கேட்கிறார்: “கிருஷ்ணகிரி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, ஓசூர் என்று நான்கு ரூட்டுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. லேடீஸ் ஹாஸ்டலுக்கு இன்னொன்று. ஷிப்ட் மாறினால் ஒரே செய்தியை ஐந்து முறை போடுகிறேன். எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்து, அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிடலாமா?”

வேண்டாம் சார். அட்மின் மட்டும் எழுதும் வசதி சாதாரண குரூப்புக்கு 2018 முதலே உண்டு. அது பேச்சை நிறுத்தும், ஆனால் நம்பரை மறைக்காது. வேப்பனப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் நம்பர் ஓசூர் பஸ்ஸில் வரும் முன்பின் தெரியாத ஆளுக்கும் போய்ச் சேரும். வேளை கெட்ட வேளையில் போன் வந்தால், அந்தப் பெண் சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போய்விடுவார். மறுநாள் பஸ் நேரம் மாறியது அவருக்குத் தெரியாது.

உங்களுக்குத் தேவை 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி. இது இருக்கிற குரூப்புகளைக் கலைக்காமல் ஒரே குடையின்கீழ் கொண்டுவருகிறது. கம்யூனிட்டி தொடங்கியதும் அறிவிப்புப் பகுதி ஒன்று தானாகவே உருவாகும். நீங்கள் இணைக்கும் குரூப்புகளில் இருக்கும் எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள். அங்கே புதிய செய்தி போடக் கம்யூனிட்டி அட்மினால்தான் முடியும். ஓர் உறுப்பினரின் நம்பர் அட்மினுக்கும், அதைத் தன் போனில் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவருக்கும் மட்டுமே தெரியும். அட்மின் மட்டும் எழுதும் குரூப்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

ரூட் குரூப் பழையபடியே இயங்கும். அங்கே எல்லாரும் பேசலாம், எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அது தேவையும்கூட. சூளகிரி பஸ் பஞ்சர் ஆகி நெடுஞ்சாலையில் நிற்கிறது என்றால் அதைச் சூளகிரி குரூப்பில் போடுங்கள். நாளை முதல் ஷிப்ட் அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறது என்றால் அறிவிப்பில் போடுங்கள். ஒரே ரூட்டின் சமாச்சாரம் நாலு தடவை அறிவிப்பில் வந்துவிட்டால், ஐந்தாவது தடவை உண்மையிலேயே எல்லாருக்குமான செய்தி வரும்போது யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

ஹாஸ்டல் குரூப்பை இதில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே தங்கும் பெண்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு ரூட் குரூப்பில் இருப்பதால் அறிவிப்பு அவர்களுக்கு எப்படியும் போய்விடும். சேர்த்தால் என்ன ஆகும்? கம்யூனிட்டியில் இருப்பவர்களுக்கு அதன் குரூப்புகளின் பட்டியல் காட்டப்படும். அனுமதி கேட்கும்படி வைக்காவிட்டால் யாரும் ஒரு தட்டில் உள்ளே வரலாம். உள்ளே வந்தவருக்கு எல்லார் நம்பரும் தெரியும். ரூட் குரூப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் நான்கையும் இணைக்கும் முன்பே ஒவ்வொன்றின் அமைப்புகளுக்கும் போய் Approve new members என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

இணைப்பதற்கு அந்தந்தக் குரூப்பில் நீங்கள் அட்மினாக இருக்க வேண்டும். முதல் நாளே நான்கு குரூப்பிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: “நாளை இந்தக் குரூப் கம்யூனிட்டியில் சேர்கிறது. அறிவிப்பு வேண்டாம் என்றால் மியூட் செய்யுங்கள், கம்யூனிட்டியை விட்டு வெளியேறாதீர்கள்.” கம்யூனிட்டியை விட்டு வெளியேறுகிறவர் அதில் உள்ள எல்லாக் குரூப்பையும் சேர்த்தே இழக்கிறார், பஸ் குரூப் உட்பட. இணைத்த மறுநாள் ரூட் குரூப்பில் ஆள் எண்ணிக்கை குறைந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அவர்களிடம் நேரில் சொல்லித் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். இந்தி பேசும் தொழிலாளர்களும் இருப்பார்கள். எனவே அறிவிப்பில் தேதி, நேரம், ரூட் மூன்றையும் எண்ணிலும் ஊர்ப் பெயரிலும் முதல் வரியிலேயே வையுங்கள். மற்ற மொழிகளில் விளக்கம் தேவையென்றால் அடுத்த செய்தியாகக் குரலில் பதிவு செய்து போடுங்கள். அறிவிப்புக்குப் பதில் எழுதும் வசதி இப்போது உண்டு, பதில்கள் அந்தச் செய்தியின்கீழ் ஒன்றாகச் சேரும். ஆனால் “யார் யார் ஓவர்டைம் வருகிறீர்கள்?” என்று அங்கே கேட்காதீர்கள். நான்கு ரூட்டின் பதிலும் கலந்துவிட்டால், எந்தப் பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று உங்களால் பிரித்தெடுக்க முடியாது. ரூட் குரூப்பில் வாக்கெடுப்புப் போட்டால் அந்தந்தப் பஸ்ஸின் கணக்கு அங்கேயே கிடைக்கும்.

வேலையை விட்டுப் போனவரைக் கம்யூனிட்டியிலிருந்து நீக்கினால் எல்லாக் குரூப்பிலிருந்தும் ஒரேயடியாக நீங்கிவிடுவார். கம்பெனி மாறும் ஆட்கள் அதிகமுள்ள இடத்தில் இது பெரிய வசதி. நீங்கள் லீவில் போகும் நாளில் அறிவிப்பு நின்றுபோகாமல் இருக்க இன்னொருவரையும் கம்யூனிட்டி அட்மின் ஆக்கிவையுங்கள். ரூட் குரூப்பில் அட்மினாக இருப்பவர் அதனாலேயே கம்யூனிட்டி அட்மின் ஆகிவிடமாட்டார். அதைத் தனியாகச் செய்ய வேண்டும்.