வயர் ஏன் பிளக்கின் ஓரத்திலேயே அறுகிறது?

இஸ்திரிப்பெட்டி, மேசை விளக்கு, கைப்பேசியின் சார்ஜர் ஆகிய மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். இவற்றின் வயர் பழுதானால் எந்த இடத்தில் பழுதாகிறது? ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வயரின் நடுப்பகுதி பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். பிளக்கை விட்டு வயர் வெளியே வரும் இடத்தில், ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள், உறை வெடித்துக் கம்பி தெரியும். நீளம் முழுவதும் ஒரே செம்பு, ஒரே உறை. அப்படியிருக்க, அறுவது மட்டும் ஏன் ஒரே இடத்தில்?

ஒரு சிறு சோதனை

இரண்டு ஜெம் கிளிப்புகளை நிமிர்த்தி நேராக்குங்கள். ஒன்றை இடுக்கியால் இறுகப் பிடித்து, இடுக்கியின் வாயோரத்தில் செங்கோணமாக மடக்கி, மீண்டும் நிமிர்த்தி, மறுபடி மடக்குங்கள். எத்தனையாவது மடக்கலில் ஒடிகிறது என்று எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். மற்றதை இடுக்கியால் பிடிக்க வேண்டாம். இரு கைகளாலும் பிடித்து, ஒரு தண்ணீர்க் குவளையின் மேல் மெல்ல வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள். முதல் கிளிப் ஒடிந்த எண்ணிக்கையைத் தாண்டியும் இது ஒடியாது. கம்பி ஒன்றுதான், வளைவுதான் வேறு.

வளைக்கும்போது கம்பிக்குள் என்ன நடக்கிறது? வளைவின் உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது, நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. வெளிப்புறம் எவ்வளவு நீள்கிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். கம்பியின் பாதித் தடிமனை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 1 மி.மீ. தடிமனுள்ள ஒற்றைச் செம்புக் கம்பியை 10 மி.மீ. ஆரமுள்ள வட்டமாக வளைத்தால், வெளிப்புறம் 0.5 / 10, அதாவது நூற்றுக்கு 5 பங்கு நீள்கிறது. மென்மையான செம்போ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நீண்டால்தான் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பும். அதற்கு மேல் நீண்டால் உள்ளமைப்பில் ஒரு சிறு மாற்றம் நிலைத்துவிடும். மறுபடி மறுபடி வளைத்தால் அந்த மாற்றங்கள் சேர்ந்து நுண்ணிய வெடிப்பாகி, வெடிப்பு வளர்ந்து, கம்பி ஒடிகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

அதனால்தான் ஆட்டி அசைத்துப் பயன்படுத்தும் வயருக்குள் ஒற்றைக் கம்பியை வைப்பதில்லை. சாதாரண இஸ்திரிப்பெட்டி வயர் ஒன்றில் ஒவ்வொரு மின்கடத்தியும் 0.2 மி.மீ. தடிமனுள்ள 24 மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்ததாக இருக்கும். அதே 10 மி.மீ. வளைவில் ஓர் இழையின் வெளிப்புறம் 0.1 / 10, அதாவது நூற்றுக்கு ஒரு பங்குதான் நீள்கிறது. 100 மி.மீ. ஆரமுள்ள அகன்ற வளையமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மி.மீ. ஆரத்துக்கு முறித்து மடக்கினாலோ நூற்றுக்கு 2 பங்கு, அதாவது அகன்ற வளையத்தைப்போல 20 மடங்கு! வயரின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த ஆரமே.

விறைப்பு மாறும் இடம்

இப்போது பிளக்குக்கு வருவோம். பிளக் விறைப்பானது, வளையாது. வயர் தளர்வானது. நீங்கள் வயரைப் பக்கவாட்டில் இழுக்கும்போது வளைவு முழுவதும் எங்கே விழும்? விறைப்பான பகுதி முடிந்து தளர்வான பகுதி தொடங்கும் அந்தக் கோட்டில்தான். இடுக்கியின் வாயோரத்தில் கிளிப் மடங்கியதும் இப்படித்தான். வயரின் நடுவில் உள்ள இழைகள் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று சற்று வழுக்கி இடம் கொடுக்கும். பிளக்குக்குள் அவை இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால், அதன் ஓரத்தில் அப்படி வழுக்கவும் வழியில்லை.

ரயில் பொறியாளர்கள் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கி வந்த ரயிலின் என்ஜின் அச்சு ஒடிந்து, வண்டி தீப்பற்றிப் பலர் மாண்டனர். மறு ஆண்டு ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், ஒடிந்த அச்சுகளை ஆராய்ந்து, தடிமன் திடீரென மாறும் படியில்தான் வெடிப்பு தொடங்கி உள்நோக்கிப் பரவுகிறது என்று காட்டினார். அந்தப் படியைக் கூராக விடாமல் வளைவாகச் சரித்துக் கடையுங்கள் என்பதே அவர் சொன்ன மருந்து.

பிளக்கின் பின்புறம் வால்போல ஒரு ரப்பர்க் குழல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் குறுக்கு வெட்டுகள் இருக்கும். நுனி நோக்கி அது மெலிந்து போகும். அது அழகுக்காக வைத்ததன்று. விறைப்பைத் திடீரென முடிக்காமல் படிப்படியாகக் குறைத்து, ஒரு கோட்டில் விழ வேண்டிய வளைவை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் பரப்புகிறது. ராங்கினின் சரிவும் இந்த வாலும் ஒரே தத்துவம்தான். வால் மிகக் குட்டையாகவோ கல்போல் கெட்டியாகவோ இருந்தால் பயனில்லை. வளைவு அதன் நுனிக்கு இடம் மாறும், அவ்வளவே.

இழைகள் ஒவ்வொன்றாக

இழைகள் ஒரே நாளில் அறுவதில்லை. ஒன்று, இரண்டு என்று அறுகின்றன. 230 வோல்ட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 24 இழைகளும் பகிர்ந்துகொண்டால் ஓர் இழைக்கு 0.18 ஆம்பியர். ஒரே இடத்தில் 20 இழைகள் அறுந்து 4 மட்டும் மிஞ்சினால் ஒவ்வொன்றும் 6 மடங்கு மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அந்த இடத்தில் ஒவ்வோர் இழையிலும் 36 மடங்கு வெப்பம் பிறக்கும். ஆனாலும் அது மிகச் சிறிய தூரம். வெப்பம் இருபுறமும் நல்ல செம்பின் வழியே ஓடிவிடுவதால் கைக்கு இலேசான சூடு மட்டுமே தெரியலாம். கடைசியில் ஒரே ஓர் இழை மிஞ்சும்போது கணக்கு 24 × 24, அதாவது 576 மடங்கு! உறை இளகுகிறது. அந்த இழையும் அறுந்ததும், இரு முனைகளும் தொட்டுத் தொட்டு விலகித் தீப்பொறி பறக்கிறது.

“பியூஸ் காப்பாற்றாதா?” என்று கேட்பீர்கள். காப்பாற்றாது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடினால்தான் பியூஸ் உருகும். இங்கே ஓடுவதோ அதே 4.3 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. அறுந்த இழை உறையைக் குத்திக்கொண்டு போய்ப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால் மட்டுமே பியூஸ் உருகும். அதற்குமுன் எச்சரிப்பது உங்கள் கண்ணும் கையும்தான். வயரை ஒரு கோணத்தில் வைத்தால்தான் இயங்குகிறது, ஆட்டினால் விட்டுவிட்டு எரிகிறது, உறை ஓரிடத்தில் பழுப்பேறியோ பளபளத்தோ இருக்கிறது, விரலால் மடக்கினால் அந்த இடம் மட்டும் எலும்பில்லாததுபோல் துவள்கிறது: இவை அறிகுறிகள். பிளக்கை முழுவதும் கழற்றிய பிறகே தொட்டுப் பாருங்கள்.

கழற்றும் விதம்

வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றும்போது இரண்டு தீமைகள் நேர்கின்றன. கை எப்போதும் பக்கவாட்டிலிருந்தே இழுப்பதால், முழு விசையோடு பிளக்கின் ஓரத்தில் ஒரு கூர் மடிப்பு விழுகிறது. அடுத்து, மூன்று முள் பிளக்கைத் திறந்தால் வயரின் வெளியுறையை அமுக்கிப் பிடிக்கும் ஒரு பட்டை இருக்கும். இழுப்பை அதுவே தாங்க வேண்டும். நாளாவட்டத்தில் உறை அதிலிருந்து வழுகிவிட்டால், இழுப்பு நேராகத் திருகாணிகளில் மாட்டிய செம்பு இழைகளின்மேல் விழும். நல்ல மின் பணியாளர் பிளக் மாட்டும்போது பச்சை நிற எர்த் கம்பியைச் சற்று நீளமாக விட்டு மாட்டுவார். ஏன் தெரியுமா? இழுபட்டுக் கழன்றாலும், உயிர்காக்கும் அந்தக் கம்பி கடைசியாகக் கழல வேண்டும் என்பதற்காக.

ஆகவே முதலில் சுவிட்சை அணையுங்கள். ஈரமில்லாத கையால் பிளக்கின் உடலைப் பிடித்து, வந்த வழியே நேராக இழுங்கள். சார்ஜர் வயரையும் முனையைப் பிடித்தே கழற்றுங்கள். வயர் செருகியிருக்கும்போது கைப்பேசியை மார்பில் ஊன்றிக்கொண்டு பார்ப்பதும், மேசை விளிம்பில் வயர் மடியத் தொங்கவிடுவதும் அதே இடத்தை மணிக்கணக்கில் மடக்கி வைப்பதாகும்.

சுருட்டும் விதம்

சுருட்டுவதில் ஒரு மறைந்த வினை உண்டு. ஒரு ரிப்பனை விரலில் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். சுருளை உருவி எடுத்து, உருட்டாமல், இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். ரிப்பனில் ஐந்து முறுக்குகள் விழுந்திருக்கும்! முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே வயரைச் சுற்றினாலும் இதே கதைதான். சுற்றுக்கு ஒரு முறுக்கு. அந்த முறுக்கு ஓடிப்போய்த் தங்குவது வயரின் முனைகளில். அங்கே வயர் புரண்டு முடிச்சுப்போல் மடிகிறது.

மேடைகளில் ஒலிபெருக்கி வயர்களைச் சுருட்டுவோர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் வளையத்தை வழக்கம்போல் கையில் போடுவார்கள். இரண்டாவது வளையத்துக்கு மணிக்கட்டை எதிர்ப்பக்கம் திருப்பி, வயரின் அடுத்த பகுதி வளையத்தின் பின்புறமாக இறங்கும்படி போடுவார்கள். மூன்றாவது முதலாவதைப் போல, நான்காவது இரண்டாவதைப் போல. ஒரு வளையத்தின் முறுக்கை அடுத்தது எதிர்த்து அழித்துவிடுவதால் மொத்த முறுக்கு பூச்சியம். ரிப்பனில் இப்படிச் சுற்றி இழுத்துப் பாருங்கள், நேராக வரும். ஒன்று நினைவிருக்கட்டும்: சுருளின் முனை வளையங்களுக்குள் நுழைந்து வெளிவந்துவிட்டால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும்.

மற்றொரு தவறு, வயரை இஸ்திரிப்பெட்டியின் உடலிலேயே இறுக்கமாகச் சுற்றுவது. சுற்று தொடங்கும் இடம் வயர் வெளிவரும் வாய்தான். அங்கே அது செங்கோணமாக மடங்கி அடுத்த நாள்வரை அப்படியே கிடக்கும். பெட்டி சூடாக இருந்தால் பி.வி.சி. உறை இளகி, அந்த மடிப்பிலேயே ஆறி நிற்கும். பெட்டி ஆறட்டும், வாயருகே ஒரு சாண் வயரைத் தளர்வாக விட்டு, மிச்சத்தை உள்ளங்கை அகல வளையங்களாகச் சுருட்டித் துணி நாடாவால் இலேசாகக் கட்டுங்கள்.

அறுந்த பிறகு

இப்பழக்கங்கள் ஆயுளை நீட்டும். அறுந்த இழையை ஒட்டவைக்கா. வெடித்த இடத்தில் நாடா ஒட்டுவது அடியில் நடப்பதை மறைக்கும், அவ்வளவே. விறைப்பான நாடா ஒரு புதிய ஓரத்தையும் உண்டாக்கும். பிரிக்கக்கூடிய பிளக்கானால், பழுதான பகுதிக்கு அப்பால் நல்ல செம்பு தெரியும்வரை வயரை வெட்டிவிட்டு, அனுபவமுள்ள பெரியவரைக் கொண்டு மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். வார்த்தெடுத்த முனையுள்ள சார்ஜர் வயரானால் மாற்றுவதே சரி.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு வயர்களின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றும் வாயருகே எவ்வளவு ஆரத்தில் மடங்கிக் கிடக்கிறது என்று அளவுகோலால் அளந்து, 0.2 மி.மீ. இழை எவ்வளவு நீளும் என்று கணக்கிடுங்கள். எந்த வயர் முதலில் அறும் என்பதை உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும்.