மூன்று குழந்தைகள் எங்கே?

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில், குப்பனூர் மலையடிவாரத்தில் உள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் பகுதிப் பள்ளிகள் சில, மாதந்தோறும் வாசிப்புத்திறன் விவரங்களைப் பொதுவான கூகுள் ஷீட் ஒன்றில் பதிவு செய்கிறோம். ஒருமுறை, பக்கத்துப் பள்ளியின் மூத்த ஆசிரியை பதிந்திருந்த 60 சதவீதம் என்ற எண் எனக்கு உறுத்தியது.

அவரது பள்ளியில் வகுப்பு நிலைக்கேற்ப வாசிப்போர், 3ஆம் வகுப்பில் 5 பேரில் 4 பேர் (80%), 4ஆம் வகுப்பில் 20 பேரில் 8 பேர் (40%), 5ஆம் வகுப்பில் 15 பேரில் 9 பேர் (60%). மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 60 வரும். ஆனால், 5 பேர் உள்ள வகுப்புக்கும் 20 பேர் உள்ள வகுப்புக்கும் சம எடை கொடுக்க முடியாது. மொத்தம் 40 பேரில் 21 பேர், அதாவது 52.5 சதவீதம் என்பதே சரி. 60 சதவீதம் என்றால் 24 பேர் வாசிப்பதாகப் பொருள். கூடுதல் பயிற்சி தேவைப்படும் 19 பேரில் மூவர் அறிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

முதலில் என் கணக்கை இருமுறை சரிபார்த்தேன். ஷீட்டில் B பத்தியில் மொத்தம், C பத்தியில் வாசிப்போர், D பத்தியில் சதவீதம். அவர் இட்டிருந்த சூத்திரம் முதல் வரி; வேண்டியது இரண்டாவது:

```
=AVERAGE(D2:D4)
=SUM(C2:C4)/SUM(B2:B4)
```

அந்தக் கட்டத்திலேயே கருத்துக் குறிப்பு இட்டிருந்தால், கோப்பைத் திறக்கும் மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தால் இன்னும் மோசம். நானே எண்ணை மாற்றுவதும் சரியன்று. தம் தாளில் உள்ள 60ஐ அவர் மீண்டும் பதிந்துவிடலாம்; கோப்பின் திருத்த வரலாற்றிலும் என் பெயர் நிற்கும்.

எனவே மாலையில் தொலைபேசியில் அழைத்தேன். "டீச்சர், வாசிப்புக் கணக்குல ஒரு சந்தேகம். மூணு வகுப்பும் சேர்ந்து 40 பேர்தானே? அதுல 21 பேர் வாசிக்கிறாங்கன்னு எனக்கு வருது. நீங்க எப்படிப் போட்டீங்க?" என்றேன்.

சற்று நேரம் அமைதி. "அடடா, சதவீதத்தையே கூட்டி மூணால வகுத்துட்டேன். நாளைக்குத்தானே அனுப்புறாங்க? இப்பவே மாத்திடுறேன்" என்றார்.

அறிக்கையின் சுருக்கப் பத்தியிலும் 60 என்று இருப்பதை நினைவூட்டினேன். ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டால், எது சரி என்று படிப்பவர் குழம்புவார். அன்றிரவே இரண்டையும் திருத்திவிட்டார்.

அறிக்கை அனுப்பப்படுவதற்கு முன்பு மட்டுமே இப்படி அமைதியாகத் திருத்த முடியும். வட்டாரக் கல்வி அலுவலகத்திற்குச் சென்றுவிட்டால், பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் ஒரே வரியில் எழுதித் திருத்தம் அனுப்ப வேண்டும். அதை அனுப்புபவரும், எண்ணைப் பதிந்தவராகவே இருக்கட்டும்.