கொடையாளர் கல்லில் என்ன எழுதலாம்?

கேள்வி: எங்கள் தெரு நலச் சங்கம் செவ்வாய்ப்பேட்டையில் சமுதாயக் கூடம் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறது. மனை சங்கத்தின் பெயரில் பதிவாகியுள்ளது. கட்டடச் செலவு முழுவதையும் எங்கள் தெருவில் வெள்ளிப் பட்டறை நடத்திவந்த பெரியவர் ஒருவர், காலமான தம் தாயாரின் நினைவாகக் கொடுத்தார். சுற்றுச்சுவரும் சமையலறையும் தெருக் குடும்பங்கள் வசூல் போட்டுக் கட்டியவை. 2027 ஜனவரியில் திறப்பு விழா. கூடத்தின் நுழைவாயிலில் 3 அடி அகலம், 2½ அடி உயரத்தில் கறுப்புக் கிரானைட் கல் பதிக்கிறோம். கமிட்டி எழுதிய வாசகம் இது:

“பேரன்பும் பெருந்தன்மையும் கொண்ட கொடை வள்ளல், வணிகச் செம்மல், எங்கள் தெருவின் ஒளிவிளக்கு, உயர்திரு இன்னார் அவர்கள் தனது தாயார் தெய்வத்திரு இன்னார் அம்மாள் அவர்களின் நினைவாக தாராள மனதுடன் வழங்கிய நன்கொடையால் கட்டப்பட்டு, மாண்புமிகு இன்னார் அவர்களின் பொற்கரங்களால் இனிதே திறந்து வைக்கப்பட்டது.”

பெரியவரோ, “என் பேரே வேண்டாம், அம்மா பேர் இருந்தால் போதும்” என்கிறார். அவருடைய பிள்ளைகள் அப்பாவின் பெயர் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். கல்லில் எதை வெட்டுவது?
– சங்கச் செயலாளர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: கமிட்டியின் வாசகத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து படித்துப் பாருங்கள். ‘திறந்து வைக்கப்பட்டது’ என்று முடிகிறது. தமிழில் வாக்கியத்தின் கனம் இறுதி வினையில்தான் விழும். கொடுத்தவர் நடுவில் ஓர் எச்சத்துக்குள் போய்விட்டார். ஒருநாள் வந்து ரிப்பன் வெட்டுபவர் வாக்கியத்துக்கு உரியவராகிவிட்டார். அடைமொழிகளை எவ்வளவு அடுக்கினாலும் இந்தக் குறை தீராது. ஆகவே முதல் திருத்தம்: இந்தக் கல்லின் வினை ‘கொடுத்தல்’ ஆக இருக்கட்டும். திறப்பு விழாவுக்கு வேறொரு சிறிய கல் வையுங்கள். விருந்தினர் பெயர், தேதி, கமிட்டியார் பெயர்கள் எல்லாம் அதில் போகட்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமான்களின் ஊர். திருக்கோவிலூர் வட்டாரத்தில் உள்ள ஜம்பை மலைக் குகையில் 1981-இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்பது அதன் முழு வாசகம். குடிப்பெயர், ஆளின் பெயர், ‘ஈத்த’ என்ற வினை, கொடுத்த பொருளான உறைவிடம்; அவ்வளவுதான். சங்க இலக்கியம் கடையெழு வள்ளல்களில் ஒருவராக வைக்கும் அதியமான் பெயர் வருகிற கல்லிலேயே ‘வள்ளல்’ என்ற சொல் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் யார், என்ன கொடுத்தார் என்பதில் சந்தேகம் எழவில்லை.

நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூரிலிருந்து காவிரியைக் கடந்தால் புகலூர். அங்கே ஆறுநாட்டார் மலையில் உள்ள சேரர் கல்வெட்டு இன்னும் சற்று விரிவானது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமண முனிவர் தங்குவதற்காக, இன்னாருடைய மகனின் மகன் இளங்கோ ஆனபோது வெட்டிக்கொடுத்த கல் என்கிறது அது. யாருக்காக, யார், எந்தச் சமயத்தில், என்ன செய்தார் என்ற நான்கு செய்திகளும் ஒரே தொடரில் அடங்கி, செயலில் போய் முடிகின்றன. உங்கள் கல்லுக்கும் இந்த நான்கும் போதும்.

இரண்டாவது, உண்மையின் அளவு. ‘நன்கொடையால் கட்டப்பட்டு’ என்று மட்டும் எழுதினால் மனை, சுற்றுச்சுவர், சமையலறை எல்லாமே பெரியவர் கொடுத்ததாகப் பொருள்படும். வசூல் கொடுத்த குடும்பங்களுக்கு அது மனத்தாங்கலைத் தரும். வாசகம் மங்கலாக இருந்தால், ஒரு தலைமுறை கழித்து மனை யாருடையது என்ற பேச்சும் எழலாம். கல் ஒருபோதும் சொத்துப் பத்திரமாகாது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி அதைப் பத்திரமாகப் பதிவு செய்தாக வேண்டும். இங்கே பெரியவர் கொடுத்தது பணம், மனை சங்கத்துடையது. பத்திரம் சொல்வதையும் ரசீது சொல்வதையும் கல் மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன், தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். பேரரசனின் கொடையோடு மற்றவர்களின் கொடையும் அதே கல்லில் இடம்பெற்றது. அதனால் அரசனின் பெருமை குறையவில்லை. உங்கள் கல்லிலும் தெருக் குடும்பங்களுக்கு ஒரு வரி கொடுங்கள்.

தொகையைப் போட வேண்டாம். தஞ்சைக் கல்வெட்டுகள் நகைகளின் எடையைக்கூடச் சொல்கின்றன என்றால், அவை பண்டாரத்தில் இருப்பை ஒத்துப் பார்க்க உதவும் பட்டியல்கள். உங்கள் கூடத்தில் அந்த வேலையைச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் செய்யும். இன்று பெரிதாகத் தெரியும் தொகை, முப்பது வருடம் கழித்துப் படிப்பவருக்கு ஒரு சின்ன விசேஷத்தின் செலவாகத் தெரியும்.

இனி இடக்கணக்கு. பத்தடி தூரத்தில் நிற்பவர் சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஓரங்குல உயரம் வேண்டும். தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வருவதால் வரிக்கு வரி இரண்டங்குலம் விடுங்கள். நாலு பக்கமும் மூன்றங்குலம் ஓரம் போக உங்கள் கல்லில் 30 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் மிஞ்சும். அதில் பன்னிரண்டு வரி, வரிக்குச் சுமார் இருபது எழுத்து கொள்ளும். பெயர்களைப் பெரிதாக வெட்டவும் நடுவில் இடைவெளி விடவும் மூன்று வரி ஒதுக்கினால் ஒன்பது வரி கையில் நிற்கும். கமிட்டியின் வாசகத்தை இதற்குள் அடைக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். பளபளக்கும் கறுப்புக் கல்லில் சின்ன எழுத்தை வெளிச்சத்தின் பிரதிபலிப்பே மறைத்துவிடும்.

என் பரிந்துரை இது:

தம் தாயார்
(பெயர்) அம்மாள் நினைவாக
இக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர்
செவ்வாய்ப்பேட்டை
திரு (பெயர்)

மனை தெரு நலச் சங்கத்துடையது.
சுற்றுச்சுவரும் சமையலறையும்
தெருக் குடும்பங்கள் கொடுத்தவை.
தி.ஆ. 2058 தை – ஜனவரி 2027

சில சொற்களை ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன். கமிட்டி ‘அவர்கள்’ என்று மரியாதையாகத் தொடங்கி ‘தனது’ என்று ஒருமைக்கு இறங்கிவிட்டது. மரியாதைப் பன்மைக்கு ‘தம்’ என்பதே பொருந்தும். ‘நினைவாக’ என்ற சொல் காலமானவரையே குறிப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதனால் அது தாயாரின் பெயரை ஒட்டியே நிற்க வேண்டும். உயிரோடு இருக்கும் பெரியவர் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடக் கூடாது. வரியை உடைக்கும்போது கல் கடையில் இடம் பார்த்து ‘நினைவாக’வை அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள், விடாதீர்கள். கமிட்டி வாசகத்தில் ‘நினைவாகத் தாராள’ என்று வர வேண்டிய ஒற்றும் விடுபட்டிருக்கிறது. புதிய வாசகத்தில் ‘இக்கூடத்தைக்’, ‘கட்டிக்’, ‘தெருக்’ ஆகிய மூன்று இடங்களில் க் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. திருவள்ளுவர் ஆண்டு என்பது கிறித்து ஆண்டோடு 31 கூட்டினால் வருவது. ஆனால் அது தை முதல் நாளில்தான் மாறும். 2027 ஜனவரி முதல் வாரத்தில் விழா வைத்தால் அது மார்கழி. 2057 என்றே போட வேண்டும். தை பிறந்த பிறகு என்றால் 2058. பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர்களைத் தனியாகப் போட வேண்டாம். அதே பெயர் அறுபது வருடத்தில் திரும்பி வரும்போது எந்தச் சுற்று என்று தெரியாது.

இப்போது பெரியவரின் விருப்பம். இதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். பிள்ளைகளோ கமிட்டியோ அல்ல. மேலே உள்ள வாசகத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். அதில் தாயார் முன்னால் வருகிறார், இவர் அந்தத் தாயின் பிள்ளையாகப் பின்னால் வருகிறார் என்பதைச் சொல்லுங்கள். அவர் தயங்குவது புகழ்ச்சிக்காக என்றால், வெறும் பெயருக்கு இணங்கக்கூடும். அப்போதும் வேண்டாம் என்றால் முதல் ஐந்து வரிக்குப் பதிலாக இப்படி வெட்டுங்கள்:

(பெயர்) அம்மாள் நினைவாக
அவர் மகன்
கட்டிக் கொடுத்த கூடம்

தாயாருக்கு மகன் ஒருவரே என்றால் இது தெளிவாக நிற்கும். உடன்பிறந்த ஆண்கள் இருந்தால் ‘மூத்த மகன்’, ‘இளைய மகன்’ என்று குறிக்க வேண்டும். பிள்ளைகளின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பெரியவர் பெயரையும் கொடையின் விவரத்தையும் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் முழுமையாக எழுதி, அந்தத் தீர்மானத்தின் நகலை அவர்கள் வீட்டுக்குக் கொடுங்கள்.

பெயரை வெட்டுவதானால் தலைப்பெழுத்தை அவரிடமே கேளுங்கள். தகப்பனார் பெயர் ‘சு’வில் தொடங்கினாலும் அவர் ‘எஸ்.’ என்று கையெழுத்துப் போடுபவராக இருக்கலாம். ரசீதில் உள்ளதும் கல்லில் உள்ளதும் ஒன்றாக இருப்பது நல்லது.

கடைசியாக, வெட்டக் கொடுக்குமுன் செய்ய வேண்டியது. கைபேசியில் வரும் மாதிரியைப் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். கணினியில் ஓர் எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்துபோகும். ‘கொடுத்தவர்’ என்பது ‘கெடுத்தவர்’ ஆன கல்லை எண்ணிப் பாருங்கள். 3 அடிக்கு 2½ அடி அசல் அளவிலேயே தாளில் அச்சிட்டு, கல் வரப்போகும் அதே சுவரில், நடுப்பகுதி ஐந்தடி உயரத்தில் வருமாறு ஒட்டுங்கள். பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் பத்தடி தள்ளி நின்று, வாசகத்தை இதுவரை பார்க்காத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் வரியை மாற்றுங்கள். பிறகு பெரியவரும், சங்கத் தலைவரும், நீங்களும் அந்தத் தாளிலேயே கையெழுத்திட்டு, அதையே கல் கடைக்குக் கொடுங்கள். கிரானைட்டில் தவறாக வெட்டிய எழுத்தைப் பசை வைத்து அடைத்தால் திட்டு தெரியும். புதுக் கல்தான் போட வேண்டிவரும். கையெழுத்திட்ட தாள் இருந்தால் பிழை யாருடையது என்ற வாக்குவாதமும் வராது.