பெட்டகமும் பொறுப்பு வரம்பும்

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்து இல்லங்களில் பரம்பரை நகைகளை வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பது பழகிப்போன வழக்கம். பெட்டகத்திற்கான உடன்படிக்கையில் கையொப்பமிடும்போது அதிலுள்ள ஒரு விதியை நம்மில் பலர் வாசிப்பதில்லை. இழப்பு நேர்ந்தால் வங்கி எவ்வளவு வரை பொறுப்பேற்கும் என்பதை உரைக்கும் விதி அது. அதன் வலிமையையும் எல்லையையும் இங்கு ஆராய்வோம்.

பொறுப்பை வரம்பிடும் விதி, தவறே நிகழவில்லை என்று சொல்வதில்லை. தவறு நிகழ்ந்தாலும் இழப்பீடு இத்தொகையைத் தாண்டாது என்று முன்னரே உச்சவரம்பு கட்டுகிறது. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் இதன் கூர்மையைக் காணலாம். அந்நிறுவனம் ஜெர்மனி வணிகருக்கு அனுப்பிய ஆவணங்களை டி.எச்.எல். கூரியர் உரிய காலத்தில் சேர்ப்பிக்கவில்லை. வணிகர் விலையைக் குறைத்துவிட்டார். நிறுவனத்துக்கு நேர்ந்த இழப்பாக மாநில நுகர்வோர் ஆணையம் சுமார் 4,29,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. ஆனால் கையொப்பமிட்ட கூரியர் சீட்டில் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேற்படாது என்றிருந்தது. தேசிய ஆணையம் அத்தொகையையே அனுமதித்தது. 1996இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது நான்காயிரம் ரூபாய்க்கும் குறைவு. கையொப்பமிட்டவர் வாசிக்கவில்லை என்பது பொதுவாக விடையாகாது.

எனினும் நீதிமன்றம் எப்போதும் இவ்வாறு தலையசைப்பதில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1965இல் தீர்த்த லில்லி ஒயிட் வழக்கு சலவைக்குக் கொடுத்த ஒரு புதுச் சேலையைப் பற்றியது. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதியே தரப்படும் என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அத்தகைய விதியை நிலைநிறுத்தினால், விலையுயர்ந்த துணியைத் தாமே வைத்துக்கொண்டு சிறு தொகை கொடுத்துத் தப்புவது கடைக்காரருக்கு இலாபமாகிவிடும். பொதுநலக் கொள்கைக்கு முரணான அவ்விதி, ரசீதை வாங்கிக்கொண்டதனால் மட்டும் செல்லுபடியாகாது.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பெட்டகம். கொல்கத்தாவைச் சேர்ந்த அமிதாப தாஸ்குப்தா 1994 ஜூனில் வாடகை செலுத்தியிருந்தார். ஆயினும் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா கிளை, பாக்கி இருப்பதாகக் கூறி அதே ஆண்டு செப்டம்பரில் பெட்டகத்தை உடைத்தது. பின்னர் அதை வேறொருவருக்கும் கொடுத்துவிட்டது. அவருக்கு அறிவிப்பு எதுவும் செல்லவில்லை. மறு ஆண்டு வாடகை கட்டச் சென்றபோதுதான் செய்தி தெரிந்தது. ஏழு நகைகளில் இரண்டே திரும்பக் கிடைத்தன என்பது அவர் முறையீடு.

2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கு முக்கியமானது. பெட்டகத்தைப் பராமரிப்பதில் குறைந்தபட்ச கவனம் வங்கியின் கடமை. அதை உடன்படிக்கையின் ஒருதலைப்பட்ச விதிகளால் உதறித்தள்ள இயலாது என்றது அது. 5 இலட்சம் ரூபாய் இழப்பீடும் 1 இலட்சம் வழக்குச் செலவும் அளித்தது. ஆனால் நகைகளின் மதிப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் நிறுவிக்கொள்ளுமாறு விட்டது. உள்ளே என்ன இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? வங்கியிடம் அந்தப் பட்டியல் இருப்பதில்லை.

நீதிமன்றம் பணித்தபடி ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியரின் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு, ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 2,000 ரூபாயானால் தொகை 2 இலட்சம். உள்ளே 12 இலட்சத்துக்கு நகை இருந்தால் எஞ்சிய 10 இலட்சம் வாடிக்கையாளர் தலையில் விழும். வங்கியின் அலட்சியத்தாலன்றி நிலநடுக்கம், வெள்ளம், மின்னல் போன்றவற்றால் மட்டுமே நேர்ந்த சேதத்திற்கு வங்கி பொறுப்பாகாது. பெட்டகப் பொருள்களுக்கு வங்கியே காப்பீடு விற்பதையும் ரிசர்வ் வங்கி தடுத்துள்ளது. காப்பீட்டு நிறுவனத்தை நாமே அணுகவேண்டும்.

இவ்வரம்பு ஒழுங்குமுறை அமைப்பே வகுத்தது ஆகையால், சலவை ரசீதின் விதியைப் போல எளிதில் தள்ளுபடியாகாது என்பது எமது கருத்து. ஆனால் ஓர் உடன்படிக்கை இதற்கும் கீழே வரம்பைத் தாழ்த்தினாலோ, ஊழியர் மோசடிக்கும் பொறுப்பில்லை என்றாலோ நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற ஒப்பந்த விதியைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. எனவே அக்கோரிக்கையை எழுப்ப விரும்பும் வலியசாலை வாடிக்கையாளர் செல்லவேண்டியது திருவனந்தபுரத்திலேயே இயங்கும் மாநில ஆணையத்துக்கு. உடன்படிக்கையின் நகல், வாடகை ரசீதுகள், நகைகளின் விலைச்சீட்டுகள் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்வது அவசியம். விலைச்சீட்டுகளைப் பெட்டகத்துக்குள்ளேயே வைப்போரும் இருக்கிறார்கள்.